கடைக்குள் வீடியோ எடுக்க அனுமதிக் கடிதம்: உரிமையாளர் மனதில் ஓடும் கேள்விகளுக்குப் பதில் எழுதும் முறை

கடைக்காரரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டால் பல நேரம் "சரி, எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிடுவார். சிக்கல் அதற்கு அப்புறம்தான். அவர் மனதில் இருப்பது கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து எடுக்கிற பத்து நிமிஷ வேலை. நீங்கள் கொண்டுவந்து இறக்குவதோ இரண்டு ஆட்கள், இரண்டு ட்ரைபாட், ஒரு லைட், ஒரு பை நிறைய ஒயர். அவர் சம்மதித்ததும் நீங்கள் செய்யப்போவதும் ஒன்றே அல்ல. அந்த இடைவெளியைப் படப்பிடிப்புக்கு முன்பே காகிதத்தில் மூடிவிடுவதுதான் அனுமதிக் கடிதத்தின் வேலை.

நான் எழுதிய முதல் கடிதம் நான்கே வரி. புத்தகம் கட்டும் கடை ஒன்றுக்கு எழுதினேன். "எங்கள் சேனலுக்காகத் தங்கள் கடையில் சிறிது நேரம் சில காட்சிகள் எடுக்க அனுமதி வேண்டுகிறோம்" என்பதுதான் அதன் சாரம். அவரும் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அன்று நான்கு மணி நேரம் அங்கே இருந்தோம். வாசலை ஒட்டி ட்ரைபாட் நின்றதால் உள்ளே வர நினைத்த இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர் எதுவும் சொல்லவில்லை. சாமான்களைக் கட்டும்போதுதான் மெதுவாகச் சொன்னார்: "இவ்வளவு நேரம் ஆகும்னு சொல்லியிருந்தா வேற நாள் வரச் சொல்லியிருப்பேனே தம்பி." அவர் கையெழுத்து என்னிடம் இருந்தது. ஆனால் அவர் சம்மதித்த விஷயம் அந்தக் காகிதத்தில் இல்லவே இல்லை. "சிறிது நேரம்", "சில காட்சிகள்" என்ற இரண்டு சொற்களும் அவருக்கு ஒரு பொருள் தந்தன, எனக்கு வேறு பொருள் தந்தன.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எனக்கு என்ன வேண்டும் என்று எழுதத் தொடங்குவதில்லை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு என்னென்ன கேள்வி வரும் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பதில் எழுதுகிறேன். எவ்வளவு நேரம், எத்தனை பேர், எங்கே நிற்பீர்கள், எதெல்லாம் படத்தில் விழும், அதை எங்கே போடுவீர்கள், எனக்கு ஏதாவது சங்கடம் வந்தால் என்ன செய்வீர்கள். இந்த ஆறு கேள்விக்கும் பதில் இருந்தால் கடிதம் முடிந்தது. இல்லையென்றால் எவ்வளவு மரியாதையாக எழுதினாலும் அது பாதிக் கடிதம்தான்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுக்கப் பார்ப்போம். ஒரு கடிகார ரிப்பேர் கடை. பழைய சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தை எப்படித் திறந்து பிரிக்கிறார்கள் என்று பன்னிரண்டு நிமிஷ வீடியோ ஒன்று எடுக்க வேண்டும். உரிமையாளரே ரிப்பேரும் பார்க்கிறார். உதவிக்கு ஒருவர் இருக்கிறார்.

கேமரா இல்லாமல் ஒரு தடவை போய் வாருங்கள்

கடிதத்தில் எழுத வேண்டிய விவரங்களில் பாதி கடைக்குள்தான் இருக்கிறது. அதனால் முதல் படி, வெறுங்கையோடு போவது. யார் நீங்கள், என்ன வீடியோ என்று இரண்டு நிமிஷம் பேசுங்கள். உங்கள் சேனலில் ஏற்கெனவே இருக்கும் ஒரு வீடியோவைக் கைப்பேசியில் அவருக்கே காட்டுங்கள். "வீடியோ" என்றதும் ஒருவர் மனதில் எதுவும் வரலாம். ஒன்றைப் பார்த்துவிட்டால் அவருக்கு அளவு பிடிபடும். அன்றைக்கே அனுமதி கேட்க வேண்டாம். "எல்லா விவரத்தையும் எழுதிக்கொண்டு வருகிறேன், படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணும் காதும் வேலை செய்யட்டும். எந்த நேரம் கடையில் ஆள் குறைவு என்று அவரிடமே கேளுங்கள். அவருக்கு அது துல்லியமாகத் தெரியும். ட்ரைபாட் எங்கே நின்றால் வழி மறிக்காது என்று பாருங்கள். ட்ரைபாட்டின் கால்களை முழுக்க விரித்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு, நடைபாதையில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று காலடியால் அளந்துவிடலாம். அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா நின்று காதைக் கொடுங்கள். ரேடியோ ஓடுகிறதா, ஃபேன் கத்துகிறதா, பக்கத்தில் ஏதாவது மெஷின் இரைகிறதா.

கடிகாரக் கடையில் இதைச் செய்தால் மூன்று விஷயங்கள் தெரியவரும். மேசையில் உட்கார்ந்தபடி யோசித்திருந்தால் ஒன்றும் தோன்றியிருக்காது. ஒன்று, சுவரில் மாட்டியிருக்கும் பெரிய கடிகாரங்கள் மணிக்கு ஒரு தடவை அடிக்கும். எல்லாம் ஒரே நொடியில் அடிப்பதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக ஒரு நிமிஷம் வரைக்கும் இழுக்கும். பேட்டியை அதற்கு ஏற்றபடி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு, அவர் வேலை செய்வது ஒரு சின்ன மேசையில். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, முழங்கையை ஊன்றி, எள்ளைவிடச் சின்ன திருகாணியை ட்வீசரில் பிடித்திருப்பார். மேசையை யாராவது லேசாக இடித்தால் போதும், திருகாணி தரையில் எங்கோ போய்விடும். மூன்றாவதுதான் முக்கியமானது. மேசைமேல் வரிசையாக இருக்கும் கடிகாரங்கள் எல்லாம் வாடிக்கையாளர்களுடையவை. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சீட்டு கட்டியிருக்கும். அதில் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதியிருக்கும். நெருக்கத்தில் வைத்து எடுக்கிற லென்ஸில் அந்த எண் அச்சடித்ததுபோலத் தெரியும்.

இப்படி ஒவ்வொரு கடையிலும் ஏதாவது இருக்கும். மருந்துக்கடை என்றால் மருந்துச் சீட்டு, துணி தைக்கும் கடை என்றால் அளவு நோட்டு, எந்தக் கடையானாலும் பில் போடும் கணினித் திரை. உரிமையாளர் சொல்லாமலே நீங்கள் அதைக் கவனித்துக் கடிதத்தில் எழுதியிருந்தால், அந்த ஒரு வரியைப் படித்ததும் அவர் முகம் மாறும். இவர்கள் நம் கடையைப் பார்த்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரியும்.

கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு

கல்லாவில் இருப்பவர் எல்லாரும் உரிமையாளர் அல்ல. மேலாளராக இருக்கலாம், உறவினராக இருக்கலாம். பல கிளைகள் உள்ள நிறுவனம் என்றால் கிளை மேலாளர் நல்ல மனதோடு "எடுங்க" என்பார், மறுநாள் தலைமை அலுவலகம் நீக்கச் சொல்லும். "இந்தக் கடிதத்தை யார் பெயருக்கு எழுத வேண்டும்?" என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். யாருக்கும் மனம் நோகாத கேள்வி அது.

கடை ஒரு வணிக வளாகத்துக்குள் இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கடைக்காரர் அனுமதி தரக்கூடியது அவருடைய நான்கு சுவருக்குள் மட்டும்தான். வெளி வராந்தா, படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் வளாக நிர்வாகத்தின் கையில் இருக்கும். கடைப் பெயர்ப்பலகையை வெளியே நின்று எடுக்கப்போகிறீர்கள் என்றால் அவர்களுக்கும் ஒரு சின்னக் கடிதம் தேவைப்படலாம். அப்புறம், உரிமையாளரின் கையெழுத்து அங்கே வேலை செய்பவரின் முகத்துக்கும் சேர்த்து அனுமதி ஆகாது. உதவியாளரின் முகம் தெளிவாக வரும் என்றால் அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும், அதுவும் முதலாளி பக்கத்தில் இல்லாதபோது. முதலாளி எதிரில் நின்றால் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு வரியையும் எப்படி எழுதுவது

நேரத்தில் தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் தவறு நடப்பது அங்கேதான். கேமரா ஓடும் நேரத்தை மட்டும் கணக்கிடாதீர்கள். நீங்கள் கடைக்குள் காலை வைத்ததிலிருந்து கடைசிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் வரைக்கும்தான் அவருக்கு நேரம். நம் உதாரணத்தில், ஒரு கடிகாரத்தைத் திறந்து பிரிக்க அவருக்குத் தனியாக நாற்பது நிமிஷம் ஆகும் என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஒரு நிமிஷம் நிறுத்துங்க, இந்தப் பக்கம் திருப்புங்க" என்று கேட்டுக்கேட்டு எடுத்தால் அது இரட்டிப்பாகி எண்பது நிமிஷம் ஆகும். பேட்டிக்கு முப்பது. சாமான்களை இறக்கிப் பொருத்த முப்பது. திரும்பக் கட்ட இருபது. கூட்டினால் 160 நிமிஷம். கடிதத்தில் மூன்று மணி நேரம் என்று எழுதுங்கள். கேட்டதைவிட இருபது நிமிஷம் முன்னால் கிளம்பினால் யாருக்கும் வருத்தம் இல்லை. மாற்றுத் தேதி ஒன்றையும் கூடவே கொடுத்துவிடுங்கள். முதல் தேதி ஒத்துவராவிட்டாலும் மறுப்பதற்குப் பதில் அவர் மற்றதைத் தேர்ந்தெடுப்பார்.

ஆட்களும் சாமான்களும் எண்ணாகவே இருக்கட்டும். "குழுவினர்" என்று எழுதினால் அது எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியாது. இரண்டு பேர், இரண்டு கேமரா, பேட்டரியில் எரியும் லைட் ஒன்று என்று எழுதுங்கள். கடையின் மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதையும் சொல்லிவிடுங்கள். எங்கே நிற்பீர்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். "கடைக்குள்" என்பது ரொம்பப் பெரிய சொல். ரிப்பேர் மேசைக்கு இடப்பக்கம், கல்லாவுக்கு முன்னால் வரமாட்டோம் என்று எழுதினால் அவர் அந்த இடத்திலேயே திரும்பிப் பார்த்து, சரியா வருமா என்று முடிவு செய்வார்.

எதை எடுப்போம் என்பதோடு எதை எடுக்க மாட்டோம் என்பதும் கட்டாயம் வேண்டும். வாடிக்கையாளரின் முகம், கல்லாப்பெட்டி, பில் திரை, சிசிடிவி கேமரா இருக்கும் இடங்கள், பூட்டு, சாவி, பின்கதவு. இவை எல்லாம் கடைக்காரரின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை. திருட நினைப்பவனுக்கு நம் வீடியோ வரைபடமாக ஆகிவிடக் கூடாது. கடிகாரக் கடையில் பெயர்ச்சீட்டுகளும் இந்தப் பட்டியலில் சேரும். வாடிக்கையாளர் கொடுத்துவிட்டுப் போன கடிகாரத்தைப் பிரிப்பதை எடுக்கக் கூடாது என்பது என் எண்ணம். அது கடைக்காரரின் பொருள் அல்ல, அதற்கு அனுமதி தர அவராலும் முடியாது. அதனால் பிரித்துக் காட்டுவதற்கு நம்முடைய பழைய கடிகாரம் ஒன்றை நாமே கொண்டுபோவோம் என்று எழுதிவிடுவது எல்லா வகையிலும் நல்லது.

அடுத்தது, வீடியோ எங்கே வரும் என்பது. பலர் விட்டுவிடும் பகுதி இது. "எங்கள் சேனலில் வெளியிடுவோம்" என்று மட்டும் எழுதினால் அவர் ஒரு வீடியோவை நினைப்பார். நீங்களோ அதிலிருந்து நான்கைந்து சிறு துண்டுகள் வெட்டிப் போடுவீர்கள், முகப்புப் படத்தில் அவர் முகத்தைப் பெரிதாக வைப்பீர்கள், அடுத்த ஆண்டு வேறொரு வீடியோவில் அதே காட்சியைச் செருகுவீர்கள். இதில் எதுவும் தப்பில்லை, முன்னாலேயே கேட்டிருந்தால். எனக்குத் தெரிந்து மனக்கசப்பு அதிகம் வருவது முகப்புப் படத்தினாலும் தலைப்பினாலும்தான். உள்ளே வீடியோ மரியாதையாக இருக்கும், வெளியே அவர் வாயைத் திறந்தபடி இருக்கும் படத்தைப் போட்டு ஏதோ பரபரப்பாக எழுதியிருப்பார்கள். ஊரில் எல்லாரும் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். அதனால் முகப்புப் படத்தையும் தலைப்பையும் வெளியிடும் முன் அவருக்குக் காட்டுவதாகக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வீடியோவை முன்கூட்டியே காட்டுவது பற்றியும் அளவோடு எழுத வேண்டும். "தாங்கள் பார்த்து ஒப்புதல் அளித்த பிறகே வெளியிடுவோம்" என்று ஆர்வத்தில் எழுதிவிட்டால், இசை பிடிக்கவில்லை என்று அவர் சொன்னாலும் வெளியிட முடியாது. தகவல் பிழைகளையும், கடைக்கோ வாடிக்கையாளருக்கோ பாதிப்பு தரும் காட்சிகளையும் சுட்டிக்காட்ட மூன்று நாள் அவகாசம் தருவோம், அவற்றைத் திருத்திய பிறகே வெளியிடுவோம் என்று எழுதுங்கள். எது அவர் உரிமை, எது உங்கள் வேலை என்பது அந்த வரியில் பிரிந்துவிடும். யூடியூபில் ஒரு தடவை ஏற்றிய வீடியோவுக்குப் பதிலாக அதே இணைப்பில் வேறு வீடியோவை வைக்க முடியாது. பிறகு வெட்டலாம், மங்கலாக்கலாம், அவ்வளவுதான். அதனால் இந்த மூன்று நாள் உங்களுக்கும் பாதுகாப்பு.

பணத்தைப் பற்றி வெளிப்படையாக ஒரு வரி. வீடியோவுக்காகக் கடையிடம் எதுவும் வாங்கவில்லை, சேனலுக்கு விளம்பர வருமானம் வரலாம் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். "இது விளம்பரமா, எவ்வளவு கேப்பாங்க?" என்ற சந்தேகம் அவர் மனதின் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும். உங்கள் கடிகாரத்தை அவர் இலவசமாகப் பழுதுபார்த்துக் கொடுத்தால், அதற்குக் கைமாறாக வீடியோ என்றாகிவிடும். அப்போது யூடியூபில் ஏற்றும்போது கட்டண விளம்பரம் உள்ளதா என்று கேட்கும் கட்டத்தை டிக் செய்து, பார்ப்பவர்களிடமும் சொல்லியாக வேண்டும். கூலியைக் கொடுத்துவிடுவதே எளிது.

கடைசியாக, சேதமும் நிறுத்தமும். எங்களால் எதாவது உடைந்தால் அதன் செலவு எங்களுடையது, நடுவில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். இரண்டே வாக்கியம்தான். கையெழுத்துப் போடத் தயங்குகிறவரின் கையை நகர்த்துவது பல நேரம் இந்த இரண்டு வாக்கியங்கள்தான்.

முழுக் கடிதம்

மேலே சொன்னதை எல்லாம் ஒரே பக்கத்துக்குள் அடக்க வேண்டும். இரண்டாம் பக்கம் போனால் அவர் அதை வக்கீலிடம் காட்டலாமா என்று யோசிக்கத் தொடங்குவார்.

> அனுப்புநர்
> (உங்கள் பெயர், முகவரி, கைப்பேசி எண், சேனலின் பெயரும் இணைப்பும்)
>
> பெறுநர்
> உரிமையாளர்,
> (கடையின் பெயர், முகவரி)
>
> நாள்: மார்ச் 3
>
> பொருள்: மார்ச் 10 அன்று தங்கள் கடைக்குள் வீடியோ எடுக்க அனுமதி கேட்பது
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். சென்ற வாரம் கடைக்கு வந்து தங்களிடம் பேசியிருந்தேன். சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தைப் பிரிக்கும் வேலையைக் காட்டும் பன்னிரண்டு நிமிட வீடியோ ஒன்றை எங்கள் சேனலுக்காகத் தங்கள் கடையில் எடுக்க விரும்புகிறேன்.
>
> மார்ச் 10, செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வந்து 5 மணிக்குள் சாமான்களுடன் கிளம்பிவிடுவோம். அன்று வசதிப்படாவிட்டால் மார்ச் 12, வியாழக்கிழமை அதே நேரம். நான் உட்பட இரண்டு பேர் வருவோம். இரண்டு கேமராக்களும் பேட்டரியில் எரியும் ஒரு லைட்டும் கொண்டுவருவோம். கடையின் மின்சாரம் தேவைப்படாது. ரிப்பேர் மேசைக்கு இடப்பக்கம் மட்டுமே நிற்போம். ட்ரைபாட் தரையில் நிற்கும். மேசைமீது எதையும் வைக்கவோ பொருத்தவோ மாட்டோம். வாடிக்கையாளர் வந்தால் உடனே நிறுத்தி வழிவிடுவோம்.
>
> தாங்கள் வேலை செய்வதையும், தங்களுடனான பேட்டியையும், கடையின் முன்புறத்தையும் எடுப்போம். பிரித்துக் காட்ட எங்களுடைய பழைய கடிகாரத்தையே கொண்டுவருவோம். அதற்கான வழக்கமான கூலியைத் தந்துவிடுவோம். வாடிக்கையாளர்களின் முகம், அவர்களுடைய கடிகாரங்களில் உள்ள பெயர்ச்சீட்டு, கல்லாப்பெட்டி, பில் திரை, சிசிடிவி, பூட்டு, சாவி ஆகியவற்றை எடுக்க மாட்டோம். தவறிப் படத்தில் விழுந்தால் வெளியிடும் முன் நீக்கிவிடுவோம். பேட்டி எடுக்கும் அரை மணி நேரம் மட்டும் ரேடியோவையும் ஃபேனையும் நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> இந்த வீடியோவும், இதிலிருந்து வெட்டிய சிறு துண்டுகளும் எங்கள் சேனலில் மட்டும் வெளிவரும். வேறு வீடியோவில் இக்காட்சிகளைப் பயன்படுத்த வேண்டுமானால் மீண்டும் தங்களிடம் கேட்போம். வெளியிடும் முன் வீடியோ, முகப்புப் படம், தலைப்பு மூன்றையும் தங்களுக்கு அனுப்புவோம். தகவல் பிழையோ, கடைக்கோ வாடிக்கையாளருக்கோ பாதிப்பு தரும் காட்சியோ இருந்தால் மூன்று நாட்களுக்குள் சொல்லுங்கள். திருத்திய பிறகே வெளியிடுவோம். வீடியோவுக்காகத் தங்களிடம் எந்தக் கட்டணமும் வாங்கவில்லை. சேனலுக்கு விளம்பர வருமானம் வரக்கூடும்.
>
> எங்களால் கடையில் ஏதேனும் சேதம் ஏற்பட்டால் அதன் செலவை நாங்கள் ஏற்போம். படப்பிடிப்பின்போது எந்த நேரத்திலும் தாங்கள் நிறுத்தச் சொல்லலாம்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம், பெயர்)
>
> உரிமையாளரின் ஒப்புதல்
> மேற்கண்ட விவரங்களைப் படித்தேன். அனுமதி அளிக்கிறேன்.
> மாற்றங்கள் ஏதும் இருந்தால்: ..............................
> பெயர்: ............ கையொப்பம்: ............ நாள்: ............

"மாற்றங்கள் ஏதும் இருந்தால்" என்ற அந்தக் காலி இடத்தைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். அது இல்லையென்றால் அவருக்கு இரண்டே வழி: முழுக்கச் சரி, அல்லது முழுக்க வேண்டாம். இருந்தால் "நாலரை மணிக்குள் முடிக்கவும்", "கடைப் பெயர்ப்பலகை வேண்டாம்" என்று கையாலேயே எழுதிவிடுவார். எழுதியதன் பக்கத்தில் நீங்களும் ஒரு சுருக்கக் கையொப்பம் போடுங்கள்.

ரேடியோ பற்றிய வரியை ஏன் சேர்த்தேன் என்று கேட்கலாம். பின்னணியில் பத்து நொடி பாட்டு ஓடினாலே யூடியூபின் தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்துவிடலாம். அப்போது வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது வீடியோவே சில நாடுகளில் தடைபடலாம். பேச்சோடு கலந்துவிட்ட பாட்டைப் பிறகு சுத்தமாகப் பிரித்தெடுப்பது கடினம். கடைக்காரரோ ரேடியோ கேட்டுக்கொண்டே வேலை செய்து பழகியவர். அன்றைக்குப் போய் "நிறுத்துங்க" என்று சொல்வதைவிட முன்னாலேயே கடிதத்தில் கேட்பதுதான் முறை.

கொடுப்பதும் வாங்குவதும்

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டாம். "படித்து வையுங்கள், நாளை மறுநாள் வருகிறேன்" என்று சொல்லுங்கள். படிக்கச் சிரமப்படுபவர் என்றால் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள், குறிப்பாக வீடியோ எங்கே வரும் என்ற பத்தியை அவசரப்படாமல். கையெழுத்தானதும் ஒரு பிரதி அவரிடம் இருக்கட்டும், மற்றதை அங்கேயே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"கையெழுத்தெல்லாம் எதுக்கு, சும்மா எடுங்க" என்று சிலர் சொல்வார்கள். கையெழுத்து என்றாலே கூச்சப்படுபவர்களும் உண்டு, கட்டாயப்படுத்தாதீர்கள். அதே கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "படித்தேன், மார்ச் 10 வரலாம்" என்று ஒரு வரி பதில் அனுப்பச் சொல்லுங்கள். வெறும் கட்டைவிரல் படம் போதாது. எதற்குச் சம்மதித்தார் என்பது அதில் தெரியாது. ஒரு நிறுவனம் பணம் கொடுத்து எடுக்கச் சொல்லும் விளம்பர வீடியோ என்றால் இந்த ஒரு பக்கக் கடிதமே போதாது. அதற்கு விவரமான ஒப்பந்தம் வேண்டும், உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த ஒருவரைப் பார்க்க வேண்டும்.

வேண்டாம் என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "எது தடையாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாமா?" சில நேரம் காரணம் ரொம்பச் சின்னதாக இருக்கும். தன் முகம் வர வேண்டாம், கை மட்டும் போதும் என்பார். கடிகார வீடியோவுக்கு உண்மையில் கைதான் வேண்டும். காரணம் சொல்ல விரும்பவில்லை என்றால் அத்தோடு விட்டுவிட்டு நன்றி சொல்லி வாருங்கள். கடை எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்பதால் உள்ளே படம் எடுக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. கைப்பேசியை மறைத்து வைத்து எடுக்கலாம் என்ற யோசனையே வேண்டாம்.

அன்றைய நாளும் அப்புறமும்

முந்தின நாள் மாலை ஒரு செய்தி அனுப்புங்கள்: நாளை 2 மணி, இரண்டு பேர். வாசலில் ஒட்ட ஒரு தாள் கொண்டுபோங்கள்: "இன்று 2 முதல் 5 மணி வரை உள்ளே வீடியோ எடுக்கிறோம். நீங்கள் படத்தில் வர மாட்டீர்கள். வழக்கம்போல வாருங்கள்." இது இல்லையென்றால் ட்ரைபாட்டைப் பார்த்ததுமே ஆட்கள் திரும்பிப் போவார்கள். உள்ளே போனதும் கேமராவைத் திறக்கும் முன் பெயர்ச்சீட்டு கட்டிய கடிகாரங்களை அவரையே ஒரு தட்டில் எடுத்து அந்தப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் தொடாதீர்கள், எந்தச் சீட்டு எந்தக் கடிகாரத்துடையது என்பது அவருக்குத்தான் தெரியும். நிறுத்திய ஃபேனின் சுவிட்சில் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவையுங்கள், கிளம்பும் முன் திரும்பப் போட மறக்காது. குளிர்பெட்டி உள்ள கடையில் சத்தத்துக்காக அதை அணைக்க நேர்ந்தால் இன்னும் கவனம் வேண்டும். உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவிக்காகத் திறந்ததுமே, குளிர்பெட்டியைத் திரும்பப் போட வேண்டும் என்பது நினைவுக்கு வரும்.

நடுவில் புதிதாக ஒன்று தோன்றும். பரண்மேல் இருக்கும் பழைய உதிரிபாகப் பெட்டியை எடுத்தால் அருமையாக இருக்குமே என்று. அது கடிதத்தில் இல்லை. கேமராவை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அவர் சரி என்றால், அன்று மாலையே "பரண்மேல் பெட்டியையும் எடுத்தோம், நன்றி" என்று ஒரு செய்தி அனுப்பி வையுங்கள். 4:40 ஆனதும் எந்தக் காட்சி பாதியில் இருந்தாலும் கட்டத் தொடங்க வேண்டும்.

வீடியோ தயாரானதும் யூடியூபில் Unlisted என்று வைத்து ஏற்றி, அந்த இணைப்பையும் முகப்புப் படத்தையும் தலைப்பையும் ஒன்றாக அவருக்கு அனுப்புங்கள். இணைப்பு உள்ளவர்கள் மட்டுமே பார்க்க முடியும். சேனலில் தெரியாது. மூன்று நாளில் பதில் வரவில்லை என்றால் பேசாமல் வெளியிட்டுவிடாதீர்கள். ஒரு தடவை போன் செய்யுங்கள். கடை வேலையில் பார்த்திருக்க மாட்டார். நேரில் போய்க் கைப்பேசியில் காட்டினால் இன்னும் நல்லது. அவர் பார்க்கும்போது நீங்கள் வீடியோவில் தெரியும் மேசையைக் கவனியுங்கள், ஏனென்றால் எவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்தாலும் ஏதாவது ஒரு காட்சியின் ஓரத்தில் ஒரு சீட்டு எட்டிப் பார்க்கும். அதை முதலில் கண்டுபிடிப்பவர் எப்போதும் அவராகத்தான் இருப்பார். எந்த நிமிஷம், எந்த நொடி என்று அங்கேயே கடிதத்தின் பின்பக்கம் குறித்துக்கொண்டு வந்து, மங்கலாக்கி, புது இணைப்பை அவருக்கு மறுபடி அனுப்புங்கள்.